செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக்குக் கார்பன்-14 சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வளவுத் தூணிலிருந்து ஒரு சில்லு எடுத்து லேபுக்கு அனுப்பினால் வீடு எந்த வருஷம் கட்டியது என்று சொல்லிவிடுவார்களா?" வீட்டுக் கணக்கு நோட்டுகள் செல்லரித்துப் போன குடும்பங்களுக்கு இது நியாயமான ஆசைதான். ஆனால் 150, 200 வருஷத்து மரத்துக்குக் கார்பன்-14 சோதனை செய்வது, 3,000 வருஷத்து அடுப்புக்கரிக்குச் செய்வதைவிடச் சிக்கலானது. அதற்குக் காரணம் ஆகாயத்தில் இருக்கிறது. அது தெரியாமல் மாதிரி அனுப்புகிறவர்கள் பணத்தைச் செலவழித்துவிட்டு, தவறான ஒரு வருஷத்தை வாசல் பலகையில் எழுதிவிடுகிறார்கள்.

முதல் தவறு, லேப் தரும் எண்ணை 1950லிருந்து கழித்து ஆண்டு கண்டுபிடிப்பது. அறிக்கையில் `180 ± 30 BP` என்று இருக்கும். BP என்பது 1950க்கு எத்தனை ஆண்டு முன்பு என்ற கணக்கு. சரி, 1950லிருந்து 180 போனால் 1770 என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கழித்தல் சரியாக வர வேண்டுமானால், காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்ததே இல்லை.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் அணுக்களை உடைக்கும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவற்றில் ஒன்றை நைட்ரஜன்-14 உள்வாங்கி ஒரு புரோட்டானை வெளியேற்றினால் கார்பன்-14 பிறக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடாக மாறி, காற்றில் கலந்து, இலை வழியாக மரத்துக்குள் போகிறது. அந்த ஆண்டு வளர்ந்த வளையத்தில் தங்கி, 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற வேகத்தில் சிதைகிறது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துதான் வயதைக் கணிக்கிறார்கள். சிதையும் வேகம் மாறாது. பிறக்கும் அளவு மாறும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும்போது அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தள்ளிவிடும். சோம்பிக் கிடக்கும்போது கதிர்கள் கூடுதலாக உள்ளே வரும். 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகளே அரிதாக இருந்தன. அந்தக் காலத்தில் கார்பன்-14 அதிகமாக உண்டானது. அதனால் 1700இல் வளர்ந்த வளையம், உண்மையில் 1950க்கு 250 ஆண்டு முந்தையது என்றாலும், சோதனையில் 110, 120 வயது போலத்தான் காட்டும்.

மறுபக்கம் நடந்தது இன்னும் விசித்திரம். 1850க்குப் பிறகு உலகம் நிலக்கரியைப் பெருமளவில் எரிக்க ஆரம்பித்தது. நிலக்கரியில் கார்பன்-14 துளியும் கிடையாது, எல்லாம் எப்போதோ சிதைந்து போய்விட்டது. அந்தப் புகை காற்றில் இருந்த கார்பன்-14ஐ நீர்க்கச் செய்தது. விளைவாக, 1950ஐ ஒட்டி வளர்ந்த மரமே சுமார் 200 வயது காட்டுகிறது!

வயது தெரிந்த மர வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து இந்த ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். வட அரைக்கோளத்துக்கான அந்த வளைகோட்டின் பெயர் IntCal20. `180 ± 30 BP` என்ற எண்ணை அதில் வைத்துப் பார்த்தால் 1670ஐ ஒட்டிய சில ஆண்டுகள், 1730களிலிருந்து 1800 சொச்சம் வரை, அப்புறம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி என்று மூன்று இடங்களில் பொருந்தும். வீடோ 1860க்கும் 1940க்கும் இடையில் கட்டியதாக இருக்கக்கூடியது. எந்தக் காலத்தை நாம் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ, அந்தக் காலத்தில்தான் இந்தக் கோடு மேலும் கீழும் அலைகிறது. லேபின் கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் இது தீராது, ஏனென்றால் குழப்பம் அளவீட்டில் இல்லை.

ஆகவே இரண்டாவது தவறு, ஒரே ஒரு சில்லை அனுப்புவது. இங்கே தேக்கு நமக்குக் கை கொடுக்கிறது. இந்த வீடுகளின் தேக்கு வந்த பர்மாவில் மழைக்காலமும் வறட்சியும் பிரிந்து வருவதால் தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை தொடங்கும்போது உண்டாகும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். உத்தரத்தின் அறுத்த தலைப்பைத் தேய்த்து வழவழப்பாக்கினால் கைக்கண்ணாடியிலேயே எண்ணலாம். கோணலான பருவமழை ஆண்டில் போலி வளையம் விழுவதும் உண்டு, அதனால் இரண்டு திசையில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வளையத்துக்குச் சில பத்து மில்லிகிராம் மரத்தூள் போதும்.

உதாரணத்துக்கு ஒரு உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளிருந்து வெளியே 20 வளையத்துக்கு ஒரு மாதிரி வீதம் நான்கு எடுக்கிறோம். விடைகள் ஏறத்தாழ 200, 150, 100, 105 என்று வருகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் பொருளில்லை. ஆனால் இரண்டு மாதிரிகளுக்கு இடையில் சரியாக 20 ஆண்டு என்பது நமக்குத் தெரியும். ஆகவே இந்த நான்கு புள்ளிகளையும் சேர்த்து, வளைகோட்டின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே இறக்கமும் சமதளமும் இதே போல வருகிறது என்று தேடலாம். இரண்டு இடத்தில் வருகிறது. முதல் வளையம் 1665 என்று வைத்தால் நான்காவது 1725. முதல் வளையம் 1785 என்று வைத்தால் நான்காவது 1845. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பொருந்தும்.

இப்போது இன்னொரு 20 வளையம் வெளியே போய் ஐந்தாவது மாதிரி எடுக்கிறோம். முதல் கணக்கு சரியென்றால் அது 1745. அங்கே கோடு 160ஐ ஒட்டி ஏறியிருக்கும். இரண்டாவது சரியென்றால் 1865. அங்கே கோடு இன்னும் 110ஐ ஒட்டியே கிடக்கும். விடை 110 என்று வந்தால் 1745 அடிபட்டுப் போகிறது. ஒரு மாதிரியில் 300 ஆண்டுக்குள் எங்கேயோ என்று இருந்தது, ஐந்து மாதிரியில் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. OxCal என்ற இலவசச் செயலியில் `D_Sequence` என்ற கட்டளை இந்தப் பொருத்தலைச் செய்து தரும். ஒரு எச்சரிக்கை: பர்மா போன்ற வெப்ப மண்டலத்தில் பருவக்காற்று தென் அரைக்கோளக் காற்றையும் கொண்டுவந்து கலக்கிறது. தெற்கின் வளைகோடு சில பத்து ஆண்டுகள் கூடுதல் வயது காட்டும் என்பதால், இரண்டையும் கலந்தும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது தவறுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது: வளையத்தின் வயதை வீட்டின் வயது என்று நினைப்பது. கார்பன்-14 சொல்வது அந்த வளையம் வளர்ந்த ஆண்டை மட்டுமே. பெரிய தேக்கில் நடுவுக்கும் பட்டைக்கும் நூறு வருஷத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நம் தச்சர்கள் வெளிறிய வெளிமரத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதோடு கடைசி வளையங்களும் போய்விட்டன. பர்மாவில் தேக்கை உடனே வெட்டவும் மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டிவிட்டு, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயவிடுவார்கள். பச்சை மரம் ஆற்றில் மிதக்காது என்பதே காரணம். அப்புறம் ஆற்றில் மிதந்து, கப்பலேறி, இங்கே வந்து சேர வேண்டும். மேலே சொன்ன உத்தரத்தின் கடைசி வளையம் 1868 என்று வந்தால், "இந்த மரம் 1870க்கு முன்னால் வீட்டில் ஏறியிருக்க முடியாது" என்பது மட்டுமே உறுதி. எவ்வளவு பின்னால் என்பதற்கு இரும்பு உத்தரத்தில் பொறித்த கம்பெனிப் பெயரும் குடும்பக் கணக்கும்தான் துணை. இன்னொரு வீட்டிலிருந்து கழற்றிப் பூட்டிய மரமாகவும் இருக்கலாம். பொருந்தாத பழைய துளைகள், முளைக்குழிகள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வார்னிஷ் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து வந்த வார்னிஷ் நிலக்கரியைப் போலவே செத்த கார்பன். மாதிரியில் அது ஒரு சதவீதம் கலந்தாலே வயது சுமார் 80 ஆண்டு கூடிவிடும். அண்மையில் பூசிய தாவர எண்ணெய் எதிர்த்திசையில் இழுக்கும். அதனால் மேல்பரப்பைத் தொடாமல் உள்ளிருந்து எடுங்கள், பூசியது என்ன என்பதை லேபுக்கு எழுதிக் கொடுங்கள், செல்லுலோஸை மட்டும் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். ஒரே வளையத்தின் இரண்டு இடங்களிலிருந்து எடுத்தவை ஒத்துப்போகாவிட்டால் அழுக்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

நான்காவதாக, "கல் தூணுக்குக் கார்பன் ஆகாது, பெரிலியம் போடலாமா?" என்ற கேள்வி. பெரிலியமும் காஸ்மிக் கதிரின் பிள்ளைதான்; நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் உடைந்து உண்டாவது. ஆனால் அது காற்றில் வாயுவாகத் தங்காது. தூசித் துகளில் ஒட்டிக்கொண்டு ஓரிரு ஆண்டுக்குள் மழையோடு இறங்கிவிடும். பெரிலியம்-7இன் அரை ஆயுள் 53 நாள். ஐப்பசி மழையில் ஊருணிக்கு வந்தது பங்குனிக்குள் எட்டில் ஒரு பங்காகிவிடும். பெரிலியம்-10க்கோ அரை ஆயுள் கிட்டத்தட்ட 14 லட்சம் ஆண்டு. 150 வருஷத்தில் அது குறைவதை அளக்கவே முடியாது. பாறைக்குள் நேரடியாக உண்டாகும் பெரிலியம்-10ஐ வைத்து ஒரு பாறை முகம் எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது என்று கணிப்பது உண்மைதான். ஆனால் நம் போன்ற தாழ்ந்த சமவெளியில் ஒரு கிராம் குவார்ட்சுக்கு ஆண்டுக்குச் சில அணுக்கள்தான் சேரும். தூணாகச் செதுக்குவதற்கு முன்பே அந்தப் பாறை சேர்த்து வைத்திருப்பது அதைவிடப் பல மடங்கு. பெரிலியம்-10 நமக்கு உதவியது வேறு விதத்தில்: 1645–1715 காலத்தில் அதுவும் துருவப் பனிப்படலங்களில் கூடியிருக்கிறது. கார்பன்-14இன் அலைவுக்குக் கடல் சுழற்சியோ காடுகளோ காரணமில்லை, சூரியனே காரணம் என்று உறுதிப்பட்டது அப்படித்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண், கதவு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரே மாதிரி போதுமான ஒரு சோதனை உண்டு. 1950களின் நடுவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, 1963ஐ ஒட்டி வடக்கில் ஏறக்குறைய இரட்டிப்பானது. வெளி வளையத்தில் அளவு 1950இன் தரத்தைவிடத் தெளிவாகக் கூடுதலாக வந்தால் அந்த மரம் 1955க்குப் பிறகும் உயிரோடு வளர்ந்தது. "தாத்தா காலத்து" கதவாக அது இருக்க முடியாது. குறைவாக வந்தால் பழையது என்று பொருளாகாது. 1980இல் வெட்டிய பெரிய மரத்தின் நடுப்பகுதியும் குறைவாகத்தான் காட்டும்.