ஒரு ராஜாவுக்கு நாலு ராணி என்றால் மூத்த பிள்ளை யார்? வரிசை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுசீந்திரத்திலும் கோட்டாற்றிலும் கோயில் சுவரைப் பார்த்துக் கல்வெட்டு படிக்கப் பழகுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. பாண்டியர், வேணாட்டு அரசர் என்று பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து குடும்ப மரம் வரையத் தொடங்குவார்கள். யாருக்கு யார் மகன் என்பது வரை சரியாகவே போகும். எந்தப் பிள்ளை மூத்தது, எது இளையது என்று எழுதும் இடத்தில்தான் சறுக்கல். அதற்கு ஒரே குடும்பத்தை எடுத்துப் பார்க்கலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியனும் அவனுடைய இரண்டு பிள்ளைகளும். இருவருக்கும் தாய் வேறு. ஒருவன் வீரபாண்டியன், மற்றவன் சுந்தரபாண்டியன்.

குலசேகரன் 1268-ல் பட்டத்துக்கு வந்தவன். கல்வெட்டுகளில் உள்ள ஆட்சியாண்டு, கிழமை, நட்சத்திரம், திதி இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, வீரபாண்டியனுடைய ஆட்சியாண்டு 1297-லும் சுந்தரபாண்டியனுடையது 1303-லும் தொடங்குவதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். இதைப் பார்த்ததும் பலர் வீரபாண்டியனை அண்ணன் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் தவறு இது. பாண்டிய நாட்டில் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பட்டம் சூட்டிக்கொண்டு ஆண்டார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு ஆட்சியாண்டு ஓடத் தொடங்கிவிடும். 1297 என்பது அப்பா ஒருவனைத் தேர்ந்தெடுத்த ஆண்டு, அவ்வளவுதான். அவன் பிறந்த ஆண்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

சரி, அக்காலத்தவர்கள் எழுதியதைப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் முற்றுகிறது. பாரசீகத்தில் இருந்து எழுதிய வரலாற்றாசிரியர் வசாப், சுந்தரபாண்டியன் மூத்தவன், முறைப்படி மணந்த மனைவியின் மகன் என்கிறார். வீரபாண்டியன் இளையவன், காமக்கிழத்தியின் மகன், ஆனால் கெட்டிக்காரன் என்பதால் அப்பா அவனையே வாரிசாக்கினார், அந்தக் கோபத்தில் சுந்தரன் அப்பாவையே கொன்றான் என்றும் எழுதுகிறார். டில்லியில் இருந்த அமீர் குஸ்ரு 1311-ல் மாலிக் கபூர் தெற்கே வந்த கதையை எழுதும்போது இதைத் திருப்பிப் போடுகிறார். அவர் கணக்கில் மூத்த ராஜா வீரபாண்டியன், இளையவன் சுந்தரபாண்டியன்.

இரண்டு பேருமே கிட்டத்தட்ட அதே காலத்தவர்கள். இருவரும் மதுரை அரண்மனையில் யாரையும் கேட்டு எழுதியவர்கள் இல்லை. பிடித்தவரை எடுத்துக்கொண்டு மற்றவரைத் தள்ளுவது இரண்டாவது தவறு. ஒவ்வொருவரும் எதை வைத்து 'மூத்தவன்' என்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். வசாப் மனைவியின் தகுதியைச் சொல்லிக்கொண்டே வயதையும் சொல்கிறார். பட்டத்து ராணியின் பிள்ளையை முதலில் வைப்பது கதை சொல்கிறவருக்கு இயல்பான வழக்கம். குஸ்ரு சொல்வது இரண்டு ராஜாக்களைப் பற்றி, அதனால் முதலில் பட்டத்துக்கு வந்தவரை அவர் மூத்தவர் என்று சொல்லியிருக்கவும் இடமுண்டு. இருவர் சொல்வதையும் வயது அல்லாத வேறு காரணத்தால் விளக்கிவிட முடிவதால், வயதுக்குச் சான்றாக இரண்டுமே பலவீனமானவை. என் முடிவு, இந்த இருவரின் பிறப்பு வரிசையை எழுதாமல் விடுவதே நேர்மை.

இதே குடும்பத்தில் இன்னொரு குழி இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் 1251-ல் பட்டத்துக்கு வந்தவனும் சடையவர்மன் சுந்தரபாண்டியன், 1253-ல் வந்தவனும் சடையவர்மன் வீரபாண்டியன். பெயர் ஜோடி அப்படியே ஒன்று. கல்வெட்டில் பெயரை மட்டும் பார்த்து யாராவது ஒருவருடைய ஆண்டை மற்றவர் கணக்கில் போட்டால், பேரன் தலைமுறைப் பிள்ளை தாத்தாவுக்கு மூத்தவனாகிவிடுவான். கல்வெட்டில் ஆண்டு எழுதும் முறையையும் கவனியுங்கள். 'யாண்டு 2-ஆவதின் எதிர் 5-ஆவது' என்று இருந்தால் அது ஏழாம் ஆண்டு, இரண்டையும் கூட்ட வேண்டும். ஐந்து என்று மட்டும் எடுத்தால் இரண்டு வருஷம் போச்சு.

இரண்டு வருஷத்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தாலும் வரிசை மாறிவிடலாம், ஆனால் இரண்டு பிரசவத்துக்கு நடுவே குறைந்தது ஒன்பது பத்து மாதம் இருக்க வேண்டும் என்ற வேலியாவது அங்கே உண்டு. வேறு வேறு தாய் என்றால் அந்த வேலியே இல்லை. ராமாயணத்தில் ராமன் புனர்பூசம், பரதன் பூசம், லட்சுமணன் ஆயிலியம். அடுத்தடுத்த நட்சத்திரங்கள். கோசலை, சுமித்திரை, கைகேயி என்று ராணி வரிசையில் பிள்ளைகளை அடுக்கினால் லட்சுமணன் பரதனுக்கு அண்ணனாகிவிடுவான். முதல் மனைவியின் பிள்ளைகளை எல்லாம் எழுதிவிட்டு இரண்டாவது மனைவியின் பிள்ளைகளை எழுதும் வழக்கம் இதே தவறுதான். பழைய மரபுப் பட்டியல்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும், அவற்றை மேலிருந்து கீழாகப் படித்து வயது வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும், அது இந்தத் தவறைக் கூட்டும். ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில், பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். ஒரு பிள்ளை கொல்லம் 905-ல் பிறந்தது என்று ஓலையில் இருக்கிறது, மாதம் இல்லை. மாற்றாந்தாய் பிள்ளை 1730-ல் பிறந்தது என்று வேறு ஒரு குறிப்பு. 905 என்பது 1729 ஆவணியிலிருந்து 1730 ஆடி வரை. முதல் பிள்ளை 1729 கடைசியில் பிறந்திருந்தால் அதுதான் மூத்தது. 1730 ஆனியில் பிறந்திருந்தால் மாற்றாந்தாய் பிள்ளை தையிலேயே பிறந்து முந்தியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் 825 கூட்டி இரண்டையும் 1730 என்று எழுதினாலோ, 824 கூட்டி 905-ஐ 1729 ஆக்கிவிட்டாலோ, இல்லாத துல்லியத்தை நாமே உண்டாக்குகிறோம்.

வேணாடு, திருவிதாங்கூர் என்று வரும்போது இன்னொன்றும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜாவின் மூத்த மகன்தானே அடுத்த ராஜா என்று கேட்பதுண்டு. அங்கே மருமக்கள்தாயம், பட்டம் சகோதரியின் மகனுக்கு. 1729-ல் மார்த்தாண்ட வர்மா வந்தது அந்த முறையில்தான். முந்தைய ராஜா ராமவர்மாவின் சொந்த மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அவரை எதிர்த்து நின்றார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில் பட்டத்து வரிசையை வைத்து ராஜாவின் பிள்ளைகளின் வயதை ஊகிக்க வழியே இல்லை.

வரையும்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு தாய்க்கும் தனிக் கோடு. அந்தக் கோட்டுக்குள் உடன்பிறந்தவர்களை மட்டும் முதலில் வரிசைப்படுத்துவேன், அக்கா, தங்கை, தம்பி என்று ஒருவரை ஒருவர் நேராகச் சொல்லும் கல்வெட்டு கிடைத்தால் அதற்கே முதலிடம். ராஜராஜனுடைய தஞ்சைக் கல்வெட்டில் குந்தவை 'திருத்தமக்கையார்' என்று வருகிறாரே, அது மாதிரி. பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் 'இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை' என்று இரண்டு எல்லை எழுதுவேன். தாய்க்கோடுகளை ஒன்றாகக் கோர்ப்பது கடைசி வேலை. எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று விழாத இடத்தில் மட்டும் மூத்தது இளையது எழுதலாம். விழுந்தால் இரண்டு பெயரையும் ஒரே மட்டத்தில் வைத்து, பக்கத்தில் 'வரிசை தெரியாது' என்று எழுதிவிட வேண்டும். வீரபாண்டியனும் சுந்தரபாண்டியனும் என் தாளில் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், கீழே 1297, 1303 என்ற பட்ட ஆண்டுகளோடு.