ஹைலைட்ஸில் 92 சதவீதம், போர்வெல் நீரில் 64: பேப்பர் அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரை எடுத்து ஆய்வு செய்கிறவர்கள் ஃப்ளோரைடைத் தாண்டிப் போவது கடினம். இங்குள்ள பாறையிலேயே அது இருக்கிறது, பல்லில் கறையாகவும் தெரிகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பெரும்பாலும் அதனால்தான். ஆகவே உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகள் ஒதுக்கும் மாங்கொட்டையைக் கரியாக்கி, அலுமினியம் ஏற்றி, அதைக் கொண்டு நீரிலிருந்து ஃப்ளோரைடை எடுத்ததாக ஒரு பேப்பர் என்று வைத்துக்கொள்வோம். பேப்பர் கற்பனை, எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

சோதனை முடிந்தது, பேப்பரும் எழுதியாகிவிட்டது. சப்மிஷன் பக்கத்தில் இரண்டு கோப்புகள் மிச்சம்: முக்கிய முடிவுகளைச் சில வரிகளில் சொல்லும் ஹைலைட்ஸ், பேப்பரின் சாரத்தை ஒரே படத்தில் காட்டும் கிராஃபிக்கல் அப்ஸ்ட்ராக்ட். எல்சவியர் இதழ்களில் ஹைலைட்ஸ் என்றால் மூன்று முதல் ஐந்து வரிகள், ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். ராத்திரி பதினோரு மணிக்கு அப்ஸ்ட்ராக்டைத் திறந்து, நாலு வாக்கியத்தை வெட்டி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்ஸ்ட்ராக்டில் ஒரு எண்ணுக்கு முன்னும் பின்னும் அதன் நிபந்தனை இருக்கும். வெட்டி ஒட்டும்போது எண் மட்டும் வந்துவிடும், நிபந்தனை அங்கேயே நின்றுவிடும். நம் பேப்பரில் முதல் வரி இப்படி வந்து நிற்கும்: “மாங்கொட்டைக் கரி 92 சதவீத ஃப்ளோரைடை நீக்கியது.” அட்டவணையைப் பார்த்தால், அந்த 92 ஆய்வகத்தில் கலந்த நீருக்கு உரியது. லிட்டருக்கு 10 மி.கி. ஃப்ளோரைடு, 4 கிராம் கரி, பி.எச். 6.5. அதே கரியைப் பென்னாகரம் பக்கத்துப் போர்வெல் நீரில் போட்டபோது, மூன்று மாதிரிகளில் மோசமானது 3.6-லிருந்து 1.3 மி.கி. ஆனது. அதாவது 64 சதவீதம்.

ஏன் இறங்கியது? ஃப்ளோரைடு அதிகமுள்ள நிலத்தடி நீரில் பொதுவாகப் பைகார்பனேட்டும் அதிகம், பி.எச்.சும் 7.5-க்கு மேலே போகும். பைகார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் கரியின் மேல் அதே இடங்களுக்குப் போட்டி போடுகின்றன. ஆய்வக நீரில் அந்தப் போட்டியே இல்லை. சதவீதம் என்பது தொடக்கச் செறிவு, கரியின் அளவு, நீரின் தன்மை மூன்றும் சேர்ந்து தரும் எண். இவற்றில் ஒன்றை மாற்றினால் சதவீதமும் மாறும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சுமாரான பொருளும் 90-ஐத் தொட்டுவிடலாம் என்பது ரிவ்யூவருக்குத் தெரியும்.

என் கணக்கில் 64-தான் நல்ல செய்தி. 1.3 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1.5 வழிகாட்டு அளவுக்குக் கீழே இருக்கிறது. இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை விடலாம். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் ஊர்க்காரருக்கு அர்த்தமுள்ளது. அதை 85 எழுத்துக்குள் நிபந்தனையோடு எழுதவும் முடியும். எக்செலில் எண்ணிப் பாருங்கள்:

```
=LEN("Fluoride in borewell water fell from 3.6 to 1.3 mg/L at 4 g/L sorbent")
```

விடை 69. இடம் இல்லை என்று நிபந்தனையை விடுவதற்கு இனி சாக்கு இல்லை. கண்ணால் எண்ணுகிறவர்கள் இடைவெளியை விட்டுவிடுகிறார்கள், LEN அதையும் சேர்த்தே எண்ணும்.

அடுத்தது லாங்மியூர் எண். “ஏற்புத்திறன் கிராமுக்கு 8.6 மி.கி.” என்று எழுதுவார்கள். 8.6 என்பது வளைகோட்டை நீட்டி மாடல் சொன்ன உச்சம். லிட்டருக்கு 50 மி.கி. வரை போன சோதனையில் உண்மையில் அளந்த அதிகபட்சம் 7.6. போர்வெல் நீரில் கணக்குப் போட்டால் (3.6-இலிருந்து 1.3-ஐக் கழித்து நாலால் வகுத்தால்) கிராமுக்கு 0.6 கூட வராது. 8.6-ஐப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. போட்டால் அது லாங்மியூர் மதிப்பு என்று அந்த வரியிலேயே இருக்கட்டும்.

செய்ததைச் சொல்வது இன்னொரு பழக்கம். “கரி தயாரித்து எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம் மூலம் ஆராயப்பட்டது” என்ற வரியால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அதற்குப் பதில், வெறும் கரி கிராமுக்கு 0.7 மி.கி. எடுத்தது, அலுமினியம் ஏற்றியதும் அதே நீரில் 2.3 எடுத்தது என்று சொல்லலாம். அலுமினியத்துக்கு என்ன வேலை என்று அதில் தெரிகிறது. மாதிரிக்கு ஆய்வகத்தில் வைத்த சுருக்கப் பெயரையும் இங்கே விட்டுவிடுங்கள். பேப்பரைத் திறக்காதவருக்கு அது வெறும் எழுத்துக் குவியல்.

“குடிநீருக்குப் பாதுகாப்பானது” என்ற வரியைப் பார்த்தால் நான் பேனாவை எடுத்துவிடுவேன். அலுமினியம் ஏற்றிய பொருள் கொஞ்சம் அலுமினியத்தை நீரில் விடும். நம் அட்டவணையில் லிட்டருக்கு 0.15 மி.கி. என்றிருந்தால் அது ஐ.எஸ். 10500-இன் 0.2 என்ற அனுமதி எல்லைக்குள்தான், ஆனால் ஏற்கத்தக்க அளவான 0.03-ஐத் தாண்டியது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல அட்டவணை இடம் தரவில்லை.

இதற்கெல்லாம் நான் மாணவர்களிடம் சொல்வது ஒரே வழி. அப்ஸ்ட்ராக்டை மூடிவிட்டு அட்டவணைகளையும் படங்களையும் மட்டும் திறந்து வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று பென்சிலால் குறியுங்கள். குறிக்க முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

கிராஃபிக்கல் அப்ஸ்ட்ராக்டுக்கும் இதே வரிகள்தான் மூலம். எல்லாவற்றையும் படத்தில் அடைக்காமல் ஒன்றை மட்டும் எடுங்கள். நான் போர்வெல் வரியை எடுப்பேன். இடப்பக்கம் மாங்கொட்டை, அதிலிருந்து கரி. நடுவில் கரியின் மேற்பரப்பு, உள்ளே போகும் ஃப்ளோரைடு, வெளியே வரும் ஹைட்ராக்சைடு. வலப்பக்கம் 3.6, 1.3 என்று இரண்டு பட்டைகள், குறுக்கே 1.5 கோடு. முதலில் பென்சிலில் போடுங்கள், மென்பொருள் பிறகு. எஸ்இஎம் படம், எக்ஸ்ஆர்டி கோடு, வளைகோடு மூன்றையும் ஒட்டிவைத்தால் அது பேப்பரின் படங்களைச் சிறிதாக்கியதுதான், கிராஃபிக்கல் அப்ஸ்ட்ராக்ட் ஆகாது.

நடுப்படத்தில் அம்பு போடும்போது ஆதாரத்தைப் பாருங்கள். ஏற்புக்குப் பின் நீரின் பி.எச். ஏறியிருந்தால் ஹைட்ராக்சைடு வெளியேறியது என்பதற்கு ஓரளவு சாட்சி உண்டு. அதுவும் அளக்கவில்லை என்றால் அம்பை விட்டுவிடுவதே நல்லது. வலப்பக்கம் குழாயடியில் சிரிக்கும் குழந்தையை வரையும் ஆசை எல்லோருக்கும் வரும். நாம் செய்தது 50 மி.லி. குடுவையில் குலுக்கிய சோதனை. குழாயும் வடிகட்டியும் பேப்பரில் இல்லை.

அளவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. எல்சவியர் கேட்பது குறைந்தது 531 × 1328 பிக்சல், அதில் உயரம் முதலில் வருகிறது. அகலம் முதலில் என்று பழகியவர்கள் நெட்டுக்குத்தாக வரைந்துவிட்டு மறுபடி உட்காருவார்கள். 13 செ.மீ. அகலத்தில் அச்செடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். பட்டையின் மேல் இருக்கும் 1.3 தெரியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்காதீர்கள், சொற்களைக் குறைத்துவிடுங்கள். மற்ற பதிப்பாளர்களின் அளவு வேறு. அமெரிக்க வேதியியல் கழகம் கேட்பது 8.25 × 4.45 செ.மீ. மட்டுமே, அதில் மூன்று கட்டம் கொள்ளுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ரிவ்யூ முடிந்து வரும்போது பெரும்பாலும் ஒரு எண்ணாவது மாறியிருக்கும். ரிவ்யூவர் கேட்டு மறுசோதனை செய்து 1.3 என்பது 1.4 ஆகியிருக்கலாம். அட்டவணையிலும் அப்ஸ்ட்ராக்டிலும் திருத்துவார்கள், ஹைலைட்ஸ் தனிக் கோப்பு என்பதால் பழைய எண்ணோடே போய்விடும், படத்தில் பட்டையும் பழைய உயரத்திலேயே நிற்கும். பென்சில் குறிப்பு உள்ள அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், எந்த அட்டவணை மாறியதோ அதிலிருந்து வந்த வரியை மட்டும் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.