வீட்டுச் சாமானை வெச்சு விடுகதை போடறவங்க பண்ற தப்பு

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு வாசகசாலையில ஓணம் லீவுக்கு பசங்களுக்கு விடுகதைப் போட்டி நடக்கும், சொந்தமா கட்டின விடுகதைதான் போடணும், வீட்டுல இருக்குற சாமானா இருக்கணும், விடை ஒரே வார்த்தை. கேள்வி எழுதிட்டு வர்ற புதுசுகளைப் பாத்தா நாங்க ஆரம்பத்துல பண்ண அதே கூத்துதான். எழுத்துப்பிழை மாதிரி சில்லறையை விட்டுடறேன்.

ஒரு கேள்விக்கு நாலு விடை

இதுதான் எனக்கு இன்னைக்கும் கடுப்பு ஏத்தற விஷயம். போன தடவை ஒரு தம்பி எந்திரிச்சு, "உடம்பெல்லாம் கண்ணு, ஆனா பாக்கத் தெரியாது, அது என்ன?"ன்னு கேட்டான். அவன் மனசுல சல்லடை. கீழ இருந்து இடியாப்ப அச்சுன்னு ஒருத்தன், டீ வடிகட்டின்னு ஒருத்தி, பவுடர் டப்பான்னு இன்னொருத்தன், தம்பி எல்லாத்துக்கும் தப்பு தப்புன்னு மண்டைய ஆட்டறான். கடைசியில ஒரு பொண்ணு, "ஏண்ணா, எங்க வீட்டு கொசுவலைக்கும் உடம்பெல்லாம் கண்ணுதானே, அது எப்படி தப்பாகும்?"ன்னு கேட்டுச்சு. பதில் இல்ல. அந்தப் பொண்ணு சொன்னது சரி, கேள்விதான் தப்பு, ஆனா அந்த ரவுண்டுல அதுக்கு மார்க் கிடைக்கல.

சாமான் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடறதாலதான் இந்த வம்பு. ஓட்டை போட்ட சாமான் ஒரு வீட்டுல பத்து இருக்கும். அது என்ன வேலை செய்யுதுங்கறது ரெண்டாவது வரியில வந்தாத்தான் மத்ததெல்லாம் கழண்டு போகும்.

சரி, வேலையைச் சொல்லுன்னேன். தம்பி யோசிச்சு "நல்லதை விட்டுடும், சக்கையைப் புடிச்சுக்கும்"னு ஒரு வரி சேத்தான். மோசமில்ல, பழைய சரக்குதான், நன்னூல்ல பவணந்தி முனிவர் கடைசித்தர மாணவனுக்கு நெய்யரியைச் சொல்றது இந்த குணத்துக்காகத்தான், நெய்யைக் கீழ விட்டுட்டு கசடை வெச்சுக்கும் இல்லையா. ஆனா நெய்யரியே ஒரு வடிகட்டி, அப்ப டீ வடிகட்டின்னு சொன்னவ மறுபடியும் கையைத் தூக்கறா. அதுக்கு "ஆட்டிவிட்டா"ன்னு ஒரு சொல்லைச் சேத்தோம், டீயை யாரும் ஆட்டி ஆட்டி வடிகட்டறதில்லையே.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, பேரனைக் கூட்டிட்டு வந்த ஒரு பாட்டி பின்னாடி பெஞ்ச்ல இருந்து, "மாவு சலிச்சா நீ சொல்றது சரி கண்ணு, அரிசியில நொய் சலிக்கறப்ப நல்ல அரிசி மேல நிக்கும், நொய்யிதான் கீழ போகும், அப்ப எது நல்லது எது சக்கை?"ன்னு போட்டு உடைச்சாங்க. பக்கா பாயிண்ட். சல்லடைக்கு நல்லது கெட்டது தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது அளவு மட்டும்தான், கண்ணை விட சின்னதா இருந்தா போ, பெருசா இருந்தா நில்லு. மாவு, நொய், கொத்தனார் சலிக்கற மணல், எல்லாத்துக்கும் இதே கணக்கு.

அப்புறம் வந்தது இது:

உடம்பெல்லாம் கண்ணு, பாக்கத் தெரியாது,
ஆட்டிவிட்டா சின்னவன் தப்பிப்பான், பெரியவன் மாட்டிக்குவான்.

இப்ப முதல்ல கேட்ட விடையை ஒவ்வொண்ணா வெச்சுப் பாருங்க. இடியாப்ப அச்சுல அமுக்கறது இருக்கு, ஆட்டறது இல்ல. பவுடர் டப்பாவை ஆட்டினா எல்லாமே வெளிய வந்துடும், மாட்டிக்கறவன் யாருமில்ல. கொசுவலைக்குள்ள சின்னவன் தப்பிச்சுப் போனா அன்னைக்குத் தூக்கம் போச்சு, அதை எவனும் ஆட்டிட்டு உக்காந்திருக்க மாட்டான். கிட்டத்தட்ட பொருந்தறது மீன்வலை ஒண்ணுதான், அதுவும் வீட்டுச் சாமான்னு முதல்லயே சொல்லிட்டா ஓடிடும்.

அதனால கேள்வி எழுதினதும் விடை தெரியாத நாலு பேர்கிட்ட கேளுங்க, அவங்க சொல்ற தப்பான விடையைக் குறிச்சு வெச்சுக்கங்க. அது ஏன் தப்புன்னு உங்க கேள்வியில இருக்குற ஒரு சொல்லைக் காட்டி சொல்ல முடியணும். முடியலைன்னா அதுவும் சரியான விடைதான், மார்க் குடுத்துட்டு கேள்வியைத் திருத்துங்க.

கேள்விக்குள்ளயே விடை

"சலிச்சு சலிச்சு போடுவான்"னு எழுதினா அப்புறம் கேக்கவே வேண்டாம்.

ஜோடி விடை

அம்மியும் குழவியும் நல்ல கதைதான், ஆனா ஒத்தை வார்த்தைப் போட்டிக்கு ஆகாது.

பசங்க பாக்காத சாமான்

திரிகையைப் பாக்காதவன்கிட்ட திரிகையைக் கேட்டா அவன் யோசிக்கறான்னு நினைக்காதீங்க, எப்ப சோறு போடுவாங்கன்னு பாத்துட்டு இருக்கான்.

ரெண்டு பேரு இருக்குற சாமான்

இங்க மலையாளம் பேசற வீட்டுப் பசங்க சல்லடையை "அரிப்ப"ன்னு சொல்லுவாங்க. மார்க் குடுங்க, சண்டை வேண்டாம்.