மேக்ஸ், சப்வூஃபர், கேஸ் கிட்: இன்சூரன்ஸில் டர்பன் கார்க்காரர்கள் செய்யும் தவறுகள்

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஃபேக்டரியில் இருந்து வந்த கோலத்திலேயே ஓடும் போலோவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சம்பளம் கொஞ்சம் ஏறினால் முதலில் மேக்ஸ் என்ற அலாய் சக்கரங்கள் ஏறும், அடுத்து பூட்டில் ஆம்ப்பும் சப்பும் ஏறும். இவற்றை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டால், "ரிம் மாற்றினால் கார் என்ன வேகமாகவா ஓடப் போகிறது?" என்ற பதில்தான் வரும். இந்தப் பதிலில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

பொருத்திய பொருளுக்குப் பணம் கிடைக்குமா என்பது முதல் கேள்வி. அதைச் சொல்லாமல் விட்டதால் காருக்கே பணம் கிடைக்காமல் போகுமா என்பது அடுத்தது. முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: சொல்லி, பாலிசியோடு வரும் ஷெட்யூல் என்ற பட்டியலில் தொகையோடு ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டாவது, நீங்கள் என்ன பொருத்தினீர்கள், எப்படிப் பொருத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போலோ விவோ ஒன்றின் ரீடெயில் மதிப்பு 180 000 ராண்ட். டயரோடு 17 அங்குல மேக்ஸ் 24 000, சவுண்ட் சிஸ்டம் 16 000. பேங்கில் இன்னும் 165 000 கடன் பாக்கி. கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கான எக்ஸெஸ் 6 000. கார் திருட்டுப் போய்விட்டது. ரீடெயில் மதிப்பு என்பது அந்த மாடல், அந்த ஆண்டு கார் ஃபேக்டரியில் இருந்து வந்த நிலையில் என்ன விலை என்பதுதான். உங்கள் மேக்ஸ் அதில் இல்லை. ஆகவே 180 000-இல் எக்ஸெஸ் கழித்து 174 000. பேங்க் தன் 165 000-ஐ முதலில் எடுத்துக்கொள்ளும். உங்கள் கைக்கு 9 000. செலவழித்த 40 000 காரோடு போயிற்று. அதே 40 000-ஐ ஷெட்யூலில் தனி வரியாக ஏற்றியிருந்தால், அந்தத் தொகை வரைக்கும் கூடுதலாகக் கேட்டிருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உம்லாஸி ஆற்றுப் பக்கம் ஒரு குழியில் விழுந்து ஒரு மேக்கில் மட்டும் விரிசல் விட்டால், அதன் விலை 4 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸெஸ் 6 000. மேக்ஸை எவ்வளவு ஒழுங்காகச் சொல்லி வைத்திருந்தாலும் ஒரு பைசா வராது. மேக்ஸைச் சேர்ப்பது திருட்டுக்கும் பெரிய விபத்துக்கும்தான் உதவும், குழிக்கு உதவாது. பிரீமியம் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டுவிட்டு, இந்தக் கணக்கைப் போட்டு முடிவு செய்யுங்கள்.

"டீலரே மாட்டிக் கொடுத்தார்" என்று நம்புவது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. புதுக் காருக்கு டீலர் மேக்ஸ் மாட்டி, பில்லிலும் சேர்த்து, பேங்க் கடனிலும் ஏற்றிவிடுவார். எல்லாம் காரோடு வந்ததுதானே என்று வாங்கியவர் நினைக்கிறார். ஃபேக்டரியில் பொருத்தியது வேறு, டீலர் பொருத்தியது வேறு. இன்சூரன்ஸ் பார்வையில் டீலர் மாட்டியதும் தெருமுனைக் கடையில் மாட்டியதும் ஒன்றே: இரண்டும் ஸ்டாண்டர்ட் அல்ல. பேங்க் அதற்குக் கடன் கொடுத்தது என்பதால் இன்சூரன்ஸுக்கு அது தெரியும் என்று ஆகாது.

புரோக்கரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு மறந்துவிடுவதும் இதே ரகம்தான். கம்பெனிக்கு நேரே போன் செய்தால் அழைப்பு பதிவாகும், அதுவரை நல்லது. ஆனால் பிறகு வரும் ஷெட்யூலைத் திறந்து பாருங்கள். "மேக்ஸ் மற்றும் டயர், 24 000", "சவுண்ட், 16 000" என்று எழுத்தில் இருந்தால்தான் வேலை முடிந்தது. வெறுமனே "எக்ஸ்ட்ராஸ்: ஆம்" என்று தொகை இல்லாமல் இருந்தால் திரும்பக் கூப்பிடுங்கள். கடை பில்லையும், நான்கு சக்கரமும் பூட்டும் தெரியும்படி எடுத்த போட்டோக்களையும் காரில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

சொன்னால் போதும், எப்படிப் பொருத்தினாலும் பரவாயில்லை என்று நினைப்பது

ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் கார் ரோட்வர்த்தியாக, அதாவது சாலையில் பாதுகாப்பாக ஓடும் நிலையில், இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். மேக்ஸை அறிவித்துவிட்டாலும், தப்பாக மாட்டிய சக்கரம் கழன்று விபத்து நடந்தால் அந்த நிபந்தனை உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

விவோவையே எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரத்துக்கு ஐந்து போல்ட். அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். நடுத்துளை 57.1 மில்லிமீட்டர். கடைகளில் விற்கும் பல மேக்ஸின் நடுத்துளை இதைவிடப் பெரியது, பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். இடைவெளியை நிரப்பும் ஸ்பிகட் ரிங் போடாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். அதை பேலன்ஸிங் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை பேலன்ஸ் செய்தவர்கள் உண்டு.

போல்ட் இன்னும் முக்கியம். ஃபோக்ஸ்வேகனின் சொந்த போல்ட்டில் ரிம்மைத் தொடும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் மேக்ஸில் பெரும்பாலும் அது கூம்பு வடிவம். பழைய போல்ட்டையே புது மேக்ஸில் போட்டால், முழுப் பரப்பும் பதியாமல் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். இறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும். ஓட ஓடத் தளரும். போல்ட்டின் அந்தப் பகுதியில் மார்க்கர் பூசி, கையால் இறுக்கித் திருப்பிவிட்டு வெளியே எடுங்கள். மை ஒரு கோடாக மட்டும் அழிந்திருந்தால் போல்ட் தப்பு. அகலமான பட்டையாக அழிந்திருந்தால் சரி. புது போல்ட் குறைந்தது ஏழு சுற்றாவது உள்ளே போக வேண்டும். டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். ஏர் கன்னால் "டர்" என்று இறுக்கி அனுப்பும் கடையில் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

டயர் அளவிலும் கணக்கு உண்டு. விவோவின் 185/60 ஆர்15 டயரின் விட்டம் 603 மில்லிமீட்டர். 215/40 ஆர்17 போட்டால் 604, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சொகுசுக்காக 205/50 ஆர்17 போட்டால் 637 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் வீல் ஆர்ச்சில் உரசும். உரசிய இடத்தில் டயரின் தோள் பளபளவென்று தேய்ந்திருப்பதை, சேதத்தைப் பார்க்கக் கம்பெனி அனுப்பும் அசெஸர் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்.

சவுண்டில் வயரை விட்டுவிட்டு வாட்ஸை மட்டும் பார்ப்பது

1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் ஆம்ப் முழு வேகத்தில் ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்சாரம் பேட்டரியில் இருந்து பூட் வரைக்கும் ஒரே வயரில் போகிறது. பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லாவிட்டால், வழியில் எங்கே அந்த வயர் பாடியைத் தொட்டாலும் தடுக்க ஒன்றும் இல்லை. பெரும்பாலும் தொடும் இடம் என்ஜின் அறைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகட்டின் துளை. அங்கே ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்திருந்தால், ஒவ்வொரு அதிர்விலும் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். தீப்பிடித்த காரில் அசெஸர் தேடுவதும் அதைத்தான்: செம்பு உருகி மணி போல் திரண்ட இடம்.

மலிவான கிட்டில் வரும் வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். இந்த ஆம்ப்புக்கு 35 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள சுத்தச் செம்பு வயர் வேண்டும்.

தீ விபத்தில் கம்பெனி பார்ப்பது ஆம்ப்பின் விலையை அல்ல, அது தீக்குக் காரணமா என்பதை. இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டு ஷார்ட் டேர்ம் இன்சூரன்ஸ் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சொல்லாமல் விட்ட எந்தச் சின்ன விஷயத்தையும் பிடித்துக்கொண்டு கிளெய்மை மறுக்க விடுவதில்லை. பாலிசி கொடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ மாற்றும்போதோ ரிஸ்க்கை மதிப்பிடுவதை அது கணிசமாகப் பாதித்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. சொல்லாத மேக்ஸ் இருந்த கார் சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஒருவர் வந்து மோதினால், முழுக் கிளெய்மையும் தள்ளுவது கம்பெனிக்கு எளிதல்ல. ஆனால் பாலிசியிலேயே மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

இந்தியத் தமிழ் வீடியோ பார்த்து கேஸ் கிட் போடுவது

சிஎன்ஜி பற்றித் தமிழில் தேடினால் வருவதெல்லாம் சென்னை, கோயம்புத்தூர் விஷயம். ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும், கிட் விலையில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பதெல்லாம் இந்திய விதி, இங்கே பொருந்தாது. இங்கே வாடிக்கையாளர் கேஸ் நிரப்பும் நிலையங்கள் பெரும்பாலும் கௌட்டெங் பக்கம்தான். டர்பன்காரர் கிட் போட்டு எங்கே நிரப்புவார் என்பதே முதல் கேள்வி.

போட்டே ஆக வேண்டும் என்றால், கம்பெனியிடம் சொல்வது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருளே மாறுகிறது, பூட்டில் 200 பார் அழுத்தத்தில் ஒரு சிலிண்டர் உட்காருகிறது. இது ரிஸ்க்கைப் பாதிக்காது என்று புகார்களை விசாரிக்கும் எந்த ஓம்பட்ஸிடமும் வாதாட முடியாது. வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். சில கம்பெனிகள் ஏற்கவே மாட்டா. கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் சாக் கேஸ் அமைப்பில் பதிவு பெற்றவர்தான் பொருத்த வேண்டும், அவர் தரும் சான்றிதழின் பிரதியைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

அசெஸர் வருமுன் ஒறிஜினல் ரிம்மை மாட்டிவிடுவது

இந்த யோசனையைச் சொல்லித் தரும் மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். டோ டிரக்காரர் எடுத்த போட்டோ, ஃபேஸ்புக்கில் நீங்களே போட்ட படம், சுத்தமான போல்ட் தலைகள், எல்லாம் காட்டிக்கொடுக்கும். சொல்லாமல் விட்டது மன்னிக்கப்படலாம், மறைத்தது மோசடி. மோசடி என்று வந்தால், மேக்ஸுக்கான பணம் மட்டுமல்ல, காருக்கான பணமும் சேர்ந்து பறிபோகும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் போனில் சண்டை போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்துக் கம்பெனிக்கே எழுத உங்களுக்குக் குறைந்தது 90 நாள் உண்டு. அதில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "இது முன்பே தெரிந்திருந்தால் பாலிசி தர மறுத்திருப்பீர்களா, பிரீமியம் எவ்வளவு ஏற்றியிருப்பீர்கள்? உங்கள் அண்டர்ரைட்டிங் விதியைக் காட்டுங்கள்." பதில் திருப்தியாக இல்லாவிட்டால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட் ஸ்கீமிடம் போகலாம். 2024 மார்ச் 1 முதல் இன்சூரன்ஸ், பேங்க் புகார்களை ஒரே இடத்தில் எடுக்கிறார்கள், உங்களுக்குச் செலவில்லை. கோர்ட்டுக்குப் போவதென்றால் அந்த 90 நாள் முடிந்த பிறகு குறைந்தது ஆறு மாதம் தரப்பட வேண்டும். சரியான கடைசி தேதி மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும்.