அகலக் கரைச் சாறிக்கு பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் முன்

மருதமுனைக் கைத்தறிச் சாறி வாங்கினால், பிளவுஸ் துணியில் வரும் கரையை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கை நீளமும் முதுகுக் கழுத்தும் அதைப் பொறுத்துத்தான்.

கரும்பச்சை உடல், 4 அங்குல மெரூன் கரை என்று வைப்போம். 5 அங்குலக் குட்டைக் கையில் இந்தக் கரையை வைத்தால் பச்சை ஒரு கீற்றுத்தான் மிஞ்சும். முழங்கை வரை, 10 அங்குலம் அளவில் வைத்தால் இரண்டு நிறமும் எடுப்பாகத் தெரியும். கை விளிம்பை நேராக வெட்டச் சொல்லுங்கள். வளைத்து வெட்டினால் கரைக் கோடு கோணலாகிவிடும்.

முதுகுக்கும் அதே கரையை வைக்க ஆசை வரும். சதுரக் கழுத்தென்றால் சரி, மூலையில் மடித்துத் தைக்கலாம். வட்டக் கழுத்தில் அது வளையாது, சுருக்கம் விழும். அதற்கு மெரூன் பைப்பிங்தான் பொருத்தம். பைப்பிங் துண்டைக் குறுக்காக, அதாவது மூலைவாட்டில், ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்ட வேண்டும். நேராக வெட்டியதா என்பது தைத்ததும் தெரிந்துவிடும்: கழுத்து படியாமல் தூக்கி நிற்கும்.

பருத்தி என்றால் துணியையும் பைப்பிங் நூலையும் தைக்கும் முன்பே நனைத்துக் காயவிடுங்கள். நூல் பிறகு சுருங்கினால் கழுத்து முழுக்க நெளிந்துவிடும், அதைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். அப்புறம், முதுகை ஆழமாக இறக்கினால் முன்கழுத்தை ஏற்றி வையுங்கள். இரண்டும் இறங்கினால் தோள் வழுகும்.