மாத அறிக்கையில் முடிவு கேட்கும்போது நேரும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் மேலாளராக இருந்த காலத்தில், ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் இயக்குநர்களின் கூட்டத்துக்கு முந்தைய மாதத்தின் நிலை அறிக்கையை நான் எழுதினேன். எத்தனை டன் நெல் வந்தது, எத்தனை மணி நேரம் அறவை நடந்தது, எந்த இயந்திரம் பழுதானது என்று நான்கு பக்கங்கள் நிரம்பும். செப்டம்பர் மாத அறிக்கை ஒன்றின் மூன்றாம் பக்கத்தில், நெல் காய வைக்கும் இயந்திரம் பற்றி, "இரண்டாவது டிரையருக்கு விலைப்புள்ளி பெறப்பட்டுள்ளது, பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியால் ஆலை ஒரு சம்பா பருவத்தை இழந்தது. இங்கு நான் சொல்லும் தவறுகள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருந்தவை.

முதல் தவறு, முடிவு கேட்க வேண்டிய இடத்தில் செய்தி சொல்வது. "பெறப்பட்டுள்ளது", "பரிசீலனையில் உள்ளது", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்னும் சொற்களில் வேலையைச் செய்ய வேண்டியவர் யார் என்பதே இல்லை. அந்த வரியைப் படித்த இயக்குநர்கள், மேலாளர் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார்கள். நானோ அவர்கள் பரிசீலிக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். "இயக்குநர்கள் 18 லட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் தர வேண்டும்" என்று எழுதியிருந்தால், அதற்குப் பதில் சொல்லாமல் கூட்டம் கலைந்திருக்காது. எழுதி முடித்த அறிக்கையில் "படு" என்று வரும் வினைகளைத் தேடி, ஒவ்வொன்றிலும் "யாரால்?" என்று கேட்டுப் பார்ப்பது நல்லது, விடை மேலிடம் என்று வந்தால், அந்த வரி முதல் பக்கத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாவது தவறே பெருந்தவறு: முடிவுக்குக் கடைசி நாள் குறிக்காமல் விடுவது, அல்லது பொருள் தேவைப்படும் நாளையே கடைசி நாளாக நினைப்பது. எங்களுக்கு டிரையர் தேவைப்பட்டது ஜனவரி நடுவில், சம்பா நெல் மொத்தமாக வரத் தொடங்கும் நேரத்தில். ஆனால் ஆர்டர் கொடுத்த பின் செய்து அனுப்ப எட்டு வாரம், நிறுவி ஓட்டிப் பார்க்க மூன்று வாரம் என்று விலைப்புள்ளியிலேயே இருந்தது. ஜனவரி 15-இலிருந்து பதினொரு வாரம் பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 30 வருகிறது. கூட்டமோ மாதத்தின் முதல் வாரத்தில்தான் கூடும்; நவம்பர் கூட்டம் பிந்திவிடும். ஆகவே முடிவு எடுக்கக்கூடிய கடைசிக் கூட்டம் அக்டோபர் முதல் வாரத்தில் கூடியதுதான், அதைக் கேட்டிருக்க வேண்டிய கடைசி அறிக்கை நான் ஒற்றை வரியில் முடித்த அந்தச் செப்டம்பர் அறிக்கைதான். இந்தக் கணக்கை நான் போட்டது நவம்பரில். ஒப்புதல் அந்த மாதமே கிடைத்தது. டிரையர் ஓடத் தொடங்கியபோது ஜனவரி கடந்துவிட்டிருந்தது.

மூன்றாவது, முடிவு எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதாதது. "உலர்த்தும் திறன் போதாது" என்பது யாரையும் அசைக்காது. எங்கள் டிரையர் நாளொன்றுக்கு 60 டன் காய வைக்கும். சம்பா உச்சத்தில் வரத்து 100 டன். வெயில் அடித்தால் மீதியைக் களத்தில் காய வைக்கலாம். மழை பெய்தால் தினமும் 40 டன் ஈர நெல் தேங்கும், ஐந்து நாள் மழைக்கு 200 டன். ஈரத்தோடு குவிந்த நெல் சூடேறி, அரிசி மஞ்சள் நிறமாகி விலை இறங்கும் என்பது தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த 200 டன் என்ற எண்தான் அறிக்கையில் இல்லை.

வழிகளை மட்டும் அடுக்கிவிட்டுப் பரிந்துரை சொல்லாமல் நிறுத்துவதும் தவறே. வாங்குவது, பக்கத்து ஆலையில் கூலிக்குக் காய வைப்பது, கொள்முதலைக் குறைப்பது என மூன்று வழிகள் இருந்தன. மழை நாளில் பக்கத்து ஆலைக்கும் இதே நெருக்கடி இருக்கும் என்பதால் இரண்டாவது வழி நிற்காது என்பதை அறிந்தவன் நான்தான். அடுத்த ஆண்டு குறுவைக்கு முன், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரை மாற்ற வேண்டி வந்தபோது முதல் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

"வேண்டிய முடிவு: எலிவேட்டர் மாற்ற 4 லட்சம் ரூபாய்க்கு ஒப்புதல். கடைசி நாள்: ஜூலைக் கூட்டம். பரிந்துரை: மாற்றலாம். முடிவு இல்லையேல்: குறுவை வரத்தின்போது பழுதானால் அறவை இரண்டு நாள் நிற்கும். 70 ஆயிரத்தில் பழுது பார்த்தால் ஒரு பருவம் தாங்கும் என்று மெக்கானிக் எழுத்தில் உறுதி தந்தால், என் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன்."

ஒரு மாதத்தில் இத்தகைய கேள்விகள் மூன்றுக்கு மேல் போனால், என் அதிகாரத்துக்குள் முடிக்க வேண்டியவற்றையும் மேலே தள்ளுகிறேனா என்று பார்ப்பேன். எடைமேடைப் பழுதுக்கெல்லாம் ஒப்புதல் கேட்டால், பெரிய கேள்வி அதற்குள் புதைந்துபோகும். டன் கணக்கும் அறவை நேரமும் தேவையற்றவை அல்ல; வங்கியும் தணிக்கையாளரும் அவற்றைக் கேட்பார்கள். அவை பின்னிணைப்பாகப் போயின. முதல் பக்கத்தின் அடியில் மட்டும், சென்ற மாதம் கேட்டவற்றில் எது முடிவானது, எது நிற்கிறது, நிற்கும் முடிவின் கடைசி நாளுக்கு இன்னும் எத்தனை நாள் மீதம் என்று எழுதி வந்தேன்.