59 மூடை ஏன்? ஈரப்பதம் பார்ப்பவர்கள் விடும் தவறுகள்

பெரும்போக அறுவடை முடிந்து சம்மாந்துறைப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் 2,000 மூடை நெல் அடுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா மூடையையும் குத்திப் பார்க்க நேரமில்லை. சில மூடைகளை அளந்து, அவற்றில் கிடைத்த மிகக் கூடிய ஈரப்பதத்தை வைத்து முழுக் களஞ்சியத்தையும் பற்றி ஏதாவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

முடியும். 59 மூடையை எழுமாறாக எடுத்து அளந்தால் போதும். “குறைந்தது 95% மூடைகளின் ஈரப்பதம் இந்த உச்ச அளவீட்டைத் தாண்டாது” என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். 1941இல் புள்ளிவிபரவியலாளர் சாமுவேல் வில்க்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. கணக்கு எளிது. 95% மூடைகள் கீழேயும் 5% மேலேயும் இருக்கும்படி ஒரு கோடு கிழித்ததாக நினையுங்கள். எடுத்த மூடை ஒவ்வொன்றும் கோட்டுக்குக் கீழே விழுந்தால்தான் நம் உச்ச அளவீடு கோட்டை எட்டாமல் போகும். ஒரு மூடை அப்படி விழும் நிகழ்தகவு 0.95. எல்லா மூடையும் விழ:

```
0.95^58 = 0.0510
0.95^59 = 0.0485
```

58இல் தவறும் வாய்ப்பு 5%க்குச் சற்று மேலே நிற்கிறது, 59இல் அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கில் 2,000 என்ற எண் எங்கும் வரவில்லை. “மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு எடு” என்ற பழக்கத்துக்கு இங்கே வேலையில்லை. 20,000 மூடை இருந்தாலும் 59தான். ஈரப்பதத்தின் பரம்பல் எப்படி இருந்தாலும் இது பொருந்தும். அதனால்தான் சராசரியோடு இரண்டு நியம விலகலைக் கூட்டிச் சொல்வதை விட இதை நான் விரும்புகிறேன். அந்த வழி செவ்வன் பரம்பலை நம்பி நிற்கிறது. மழையில் நனைந்த சில மூடைகள் காய்ந்த நெல்லோடு கலந்த களஞ்சியத்தில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துவிடும்.

அடிக்கடி குழம்பும் இடம், 95 என்ற எண் இரண்டு தடவை வருவது. ஒன்று எத்தனை பங்கு மூடைகள் என்பது, மற்றது நம் கூற்றில் எவ்வளவு நம்பிக்கை என்பது. 90% மூடைகளை 95% நம்பிக்கையோடு சொல்ல 29 போதும். 95% மூடைகளை 90% நம்பிக்கையோடு சொல்ல 45 வேண்டும். 99% மூடைகளை 95% நம்பிக்கையோடு சொல்ல 299 வரை போகும். பதிவேட்டில் இரண்டு எண்ணையும் தனித்தனியே எழுதாவிட்டால் வாங்குபவர் ஒன்றை நினைப்பார், விற்பவர் வேறொன்றை நினைப்பார். உச்சம் 13.6% வந்தால் “எல்லா மூடையும் 13.6%க்குள்” என்று எழுதுவதும் பிழை. 2,000இல் 100 மூடை வரை அதைத் தாண்டியிருக்கலாம், கூற்று அதற்கு இடம் விட்டே நிற்கிறது.

எடுக்கும் விதத்தில்தான் பெரும் சேதம் நடக்கிறது. கைக்கு எட்டிய முன்வரிசையிலேயே 59ஐயும் குத்தினால் கணக்கு செல்லாது. ஈரம் சீமெந்துத் தரையோடும் சுவரோடும் ஒட்டிய மூடைகளில் தங்கும், அவை தெரிவாகும் வாய்ப்பே இராது. ஒரே மூடையில் மூன்று தடவை குத்தினாலும் அது ஒரு மூடைதான். அடுக்கிய பிறகு உள்ளே போவது கடினம் என்பதால் லொறியிலிருந்து இறக்கும்போதே எண்ணி, முன்கூட்டியே எழுமாறாகத் தெரிந்த எண்களுக்குரிய மூடைகளை ஒதுக்கி அளப்பது நல்லது.

அடுத்தது, அளவீட்டில் கை வைப்பது. ஒரு மூடை 17% காட்டுகிறது, மற்றவையெல்லாம் 14%க்குள். “மீற்றர் பிழை” என்று 17ஐ அடித்துவிட்டு அடுத்த பெரிய எண்ணை உச்சமாக எழுதுவார்கள். அதே மூடையைத் திரும்ப அளந்து மீற்றர் பிழைதான் என்று கண்டால் திருத்தலாம். எண் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கினால் 95% நம்பிக்கை 80%க்கு இறங்கிவிடுகிறது. இரண்டாவது பெரிய அளவீட்டை வைத்துத்தான் பேசப்போகிறோம் என்று அளக்க முன்னரே முடிவெடுத்தால் 93 மூடை எடுக்க வேண்டும்.

ஒரு தடவை சரிவராவிட்டால் புதிதாக 59 எடுத்துப் பார்ப்பதும் இதே வகைதான். ஏற்கும் எல்லை 14% என்று வைத்தால், அதைத் தாண்டிய மூடைகள் சரியாக 5% உள்ள களஞ்சியம் முதல் தடவையில் தப்பிப் போக 4.85% வாய்ப்பு. இரண்டு தடவை முயன்றால் 9.5%, மூன்று தடவையில் ஏறத்தாழ 14%. திரும்ப அளக்க வேண்டிய நியாயமான நேரமும் உண்டு: நெல்லை இறக்கிக் காயவைத்த பிறகு. அப்போது அது வேறொரு களஞ்சியம், பழைய அளவீடுகளில் ஒன்றுகூட அதன் கணக்கில் சேராது.